ஆன்மா இல்லை என்றால் வினையை யார் சுமப்பது?

கோட்டையூர் மருமகள் — ஜூலை 6, காலை 10.15

பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. பள்ளிக்கூடத்துல மணிமேகலை பத்திப் பேசணுமாம். வீட்டுல வந்து ஒரே கேள்வி: "புத்தர் ஆன்மா இல்லைன்னு சொல்லிட்டாரு. ஆனா மறுபிறவி உண்டு, செஞ்ச வினைக்குப் பலன் உண்டுன்னும் சொல்றாரு. ஆளே இல்லைன்னா பலன் யாருக்கும்மா வரும்?" எனக்குப் பதில் தெரியலை. எங்க வீட்டுல திருவாசகமும் சஷ்டி கவசமும்தான், பௌத்தம் பக்கம் போனதில்லை. தெரிஞ்சவங்க எளிமையாச் சொல்லுங்க. ஆங்கிலப் பெயரா அடுக்க வேண்டாம்.

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 6, பகல் 12.40

உங்கள் மகள் கேட்ட கேள்விக்காகவே ஒருவர் பௌத்தத்தை விட்டு வெளியே வந்திருக்கிறார். அவரை நீங்கள் கும்பிட்டும் இருப்பீர்கள். அறுபத்து மூவரில் ஒருவரான சாக்கிய நாயனார்தான் அவர். சங்கமங்கையில் பிறந்தவர், பிறவித் துன்பத்துக்கு வழி தேடிக் காஞ்சிபுரம் போனார், அங்கே புத்த சமயத்தில் சேர்ந்தார். பிறகு அவருக்கு ஒரு தெளிவு வந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார்: "செய்வினையும் செய்வானும் அதன்பயனும் கொடுப்பானும்" என்று பொருள் நான்கு, இந்த நான்கும் சைவத்தில்தான் இருக்கின்றன, மற்ற நெறிகளில் இல்லை. மனம் மாறிய பிறகும் அவர் சாக்கியக் கோலத்தைக் களையவில்லை. அதே உடையோடு லிங்கத்தின் மேல் தினம் ஒரு கல்லைப் பூவாக எறிந்தார்.

கல் கதைதான் ஊருக்கெல்லாம் தெரியும், அந்த நான்கு சொற்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. மகளிடம் அதையே சொல்லுங்கள். பௌத்தம் அந்த நான்கில் இரண்டை ஒப்புக்கொள்ளும். செய்த வினை உண்டு, அதன் பயன் உண்டு. செய்தவன் என்று உள்ளே நிலையாக ஒருவன் இல்லை, பயனைக் கொண்டுவந்து கொடுப்பவன் என்று மேலேயும் ஒருவன் இல்லை.

இது சைவர்கள் கட்டிவிட்ட பழி இல்லை. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கமும் இதைத்தான் சொல்கிறது: துன்பம் உண்டு, துன்பப்படுபவன் இல்லை, செயல் உண்டு, செய்பவன் இல்லை. இரு தரப்பும் ஒரே இடத்தில் கோடு கிழித்துக்கொண்டு எதிரெதிரே நிற்கிறார்கள்.

புதுவயல் ரைஸ்மில் — ஜூலை 6, பகல் 1.05

அருமை. 2019ல கடன் வாங்கினவன் வேற, இப்ப இருக்கிற நான் வேற. பேங்க் மேனேஜர்கிட்ட இந்த இழையைக் காட்டப் போறேன்.

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 6, மாலை 5.20

ரைஸ்மில்காரர் வேடிக்கையாகச் சொன்னாலும், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மிலிந்தன் இதைக் கேட்டுவிட்டான். மிலிந்தன் வடமேற்கே சாகல நகரத்தில் ஆண்ட கிரேக்க அரசன். அவனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடல் பாலியில் நூலாகவே இருக்கிறது.

அரசன் கேட்கிறான்: மறுபடி பிறப்பது எது? நாகசேனர் சொல்கிறார்: மனமும் உடலும் சேர்ந்த தொகுதி. இதே தொகுதியா பிறக்கிறது? இல்லை, இதனால் செய்யப்பட்ட வினையால் இன்னொன்று பிறக்கிறது. அப்படியானால் செய்த பாவத்திலிருந்து தப்பிவிட்டோமே என்கிறான் அரசன். உடனே மாம்பழக் கதை வருகிறது. ஒருவன் தோட்டத்தில் மாம்பழம் திருடினான், பிடிபட்டான். "நான் பறித்தது இவர் நட்ட மாங்காய் இல்லை. இவர் நட்டது வேறு, நான் பறித்தது வேறு. எனக்குத் தண்டனை கிடையாது" என்றான். விட்டுவிடுவீர்களா என்று நாகசேனர் கேட்க, விடமாட்டேன், நட்டதிலிருந்துதானே இது வந்தது என்கிறான் அரசன்.

இந்தக் கதையில் மெதுவாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நட்ட கொட்டை மண்ணில் அழுகிப் போய்விட்டது. அதில் இருந்த எதுவும் அப்படியே பழத்துக்குள் குடியேறவில்லை. ஆனாலும் அந்தக் கொட்டை இல்லாமல் இந்தப் பழம் இல்லை, அடுத்த வீட்டு மரத்தில் இந்தப் பழம் காய்க்காது. பொறுப்பு நிற்க அவ்வளவு தொடர்ச்சி போதும், உள்ளே மாறாத பொருள் ஒன்று கூடவே பயணம் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் பௌத்தர் பதில். "அதுவேயும் இல்லை, வேறேயும் இல்லை" என்று அவர்கள் சொல்வதற்கு இவ்வளவுதான் அர்த்தம். அதில் மாயம் ஒன்றும் கிடையாது.

ஆகவே மேனேஜரிடம் காட்டாதீர்கள். அவர் மாம்பழக் கதை தெரிந்தவராக இருந்துவிட்டால் வட்டி கூடும்.

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 6, இரவு 9.10

ராத்திரி இன்னொன்று தோன்றியது. நான் பிழைத்தது கணக்கு எழுதி. பேரேட்டில் ஒரு பக்கம் நிரம்பினால் கீழே தொகை போட்டு, அடுத்த பக்கத்தில் "முன்பக்கத் தொகை" என்று மேலே எழுதி ஆரம்பிப்போம். பக்கம் விட்டுப் பக்கம் ஒரு காசு கூட நகர்வதில்லை. காகிதம் வேறு, சில சமயம் மையும் வேறு. ஆனாலும் முதல் பக்கத்துக் கடன் நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறது. பௌத்தர் சொல்லும் மறுபிறவி எனக்கு இப்படித்தான் பிடிபட்டது.

சித்தாந்த வகுப்பு — ஜூலை 7, காலை 6.30

கணக்கரே, உமது உவமையிலேயே நான் ஜெயித்துவிட்டேன். முன்பக்கத் தொகை தானாக அடுத்த பக்கத்தில் ஏறிக்கொண்டதா? எழுதிய கணக்கப்பிள்ளை எங்கே?

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 7, காலை 8.00

காலையில் காபி குடிக்கும் முன்பே அடி. சரி, விரித்துச் சொல்லும்.

சித்தாந்த வகுப்பு — ஜூலை 7, காலை 8.45

விரிக்க ஒன்றும் இல்லை. வினை சடம். அதற்கு அறிவு கிடையாது. தன்னைச் செய்தவன் யார், அவன் இப்போது எங்கே பிறந்திருக்கிறான், எப்போது பக்குவம் என்று வினைக்குத் தெரியாது. உயிருக்கு அறிவு உண்டு. ஆனால் தனக்கு வரவேண்டிய துன்பத்தைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும் உயிர் ஏது? நாமாக இருந்தால் நல்வினைப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆகவே வினையையும் உயிரையும் அறிந்து பொருத்துகிற ஒருவன் வேண்டும். அவன்தான் சேக்கிழார் சொன்ன "கொடுப்பான்". ஆன்மாவை மறுத்தால் சிவனையும் மறுத்தாக வேண்டும், சிவனை மறுத்தால் வினை அனாதையாக நிற்கும். ஒன்றை உருவினால் எல்லாம் சரியும்.

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 7, பகல் 2.15

பேரேட்டு உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது என்பது சரி. எழுதுகிறவன் இல்லாமல் பேரேடு இல்லை. அதனால் மாங்கொட்டைக்கே திரும்புகிறேன். அங்கே எழுதுகிறவன் இல்லை.

மிலிந்தனும் கேட்டான்: செய்த வினைகள் எங்கே இருக்கின்றன, காட்ட முடியுமா? நாகசேனர் சொன்னார்: இன்னும் காய்க்காத மரத்தின் பழங்களை இதோ இங்கே இருக்கின்றன என்று காட்ட முடியுமா? அதாவது, வினை எங்கோ ஒரு பெட்டியில் பூட்டப்பட்டுக் காத்திருப்பதில்லை. தொடர்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது, நிலைமை கூடும்போது பயன் விளைகிறது. வினை ஆளைத் தேடிப் போவதில்லை, ஆகவே அதற்கு முகவரி தெரிய வேண்டியதும் இல்லை. அது விளைகிற இடமே அந்தத் தொடர்ச்சிதான்.

இதற்கும் சைவ சித்தாந்தியிடம் பதில் உண்டு என்று எனக்குத் தெரியும். விதை முளைப்பது பௌதிக விஷயம். பொய் சொன்னதற்குப் பத்துப் பிறவி கழித்து அவமானம் வருவது அற விஷயம். அறத்தை மண்ணும் தண்ணீரும் அளக்குமா? இந்த இடத்தில் பௌத்தர் தரப்பு கொஞ்சம் மெலிவு என்றுதான் எனக்கும் படுகிறது. எண்ணமே வினை, மனம் தான் எண்ணியதன் வடிவத்தைத் தானே எடுக்கிறது என்று அவர்கள் சொல்வது ஒரே மனத்துக்குள் நன்றாகப் பொருந்துகிறது. கோபக்காரன் மனம் கோபமாகவே இறுகிப் போவதைக் கண்ணால் பார்க்கிறோம். வெளியிலிருந்து வரும் விபத்து வரைக்கும் அதை இழுத்தால் எனக்குத் திருப்தியில்லை. ஆனால் துன்பம் எல்லாமே முன்வினை என்று புத்தர் சொல்லவும் இல்லை. பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் இவற்றால் வரும் வலியும் உண்டு என்று சீவகன் என்ற துறவிக்குத் தனியாகவே சொல்லியிருக்கிறார்.

சித்தாந்த வகுப்பு — ஜூலை 7, பகல் 2.40

சீவகன் என்று மட்டும் சொன்னால் வைத்தியர் ஜீவகர் என்று நினைத்துவிடுவார்கள். நீர் சொல்லும் துறவி மோளிய சீவகர்.

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 7, பகல் 2.55

மோளிய சீவகர்தான். வைத்தியர் ஜீவகர் வேறு ஆள். பெயர் இரண்டும் ஒட்டி வருவதால் படிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம். பௌத்தர் நூலை உம்மைப் போல் படிக்கும் பௌத்தர் இங்கே யாரும் இல்லை ஐயா.

ரங்கூன் பேரன் — ஜூலை 7, இரவு 8.20

எதுக்கு இவ்வளவு சண்டை? எங்க ஐயா ரங்கூன் மொகல் தெருவுல கிட்டங்கியில இருந்தவங்க, பர்மாக்காரங்களோடவே பழகினவங்க. அவங்க சொல்வாங்க: எல்லாம் ஒண்ணுதான், பெயர்தான் வேற. உபநிடதத்துல "இது இல்லை, இது இல்லை"ன்னு தள்ளிக்கிட்டே போய் கடைசியில ஆன்மா. புத்தரும் உடம்பு நான் இல்லை, உணர்ச்சி நான் இல்லைன்னு தள்ளுறார். கடைசியில மிஞ்சுறதை அவர் சொல்லாம விட்டுட்டார், அவ்வளவுதான். அதோட மணிமேகலைக்கு மணிபல்லவத்துல முற்பிறப்பு ஞாபகம் வருதே, போன பிறவியில இலக்குமி, புருஷன் இராகுலன்னு. ஆன்மா இல்லாம ஞாபகம் எதுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு?

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 8, காலை 7.30

ரங்கூன் பேரனுடைய முதல் பாதி சரி. தள்ளுகிற முறை இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மணிமேகலையின் 30ஆம் காதையில் அறவண அடிகள் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று ஐந்து கூறாகப் பிரிக்கிறார். மனிதனைப் பிரித்துப் பார்த்தால் இந்த ஐந்துதான் கிடைக்கும்.

ஆனால் தள்ளுவதற்குச் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். வாரணாசி பக்கத்து இசிபதனத்தில், இப்போது சாரநாத், ஐந்து சீடர்களுக்குப் புத்தர் சொன்ன இரண்டாம் உபதேசம் இதைப் பற்றியதுதான். அவர் வாதம் மிக எளிது: இந்த உடல் உண்மையில் "நான்" என்றால், என் பேச்சைக் கேட்க வேண்டும். "இப்படி இரு, இப்படி ஆகாதே" என்றால் ஆக வேண்டும். ஆகிறதா? சர்க்கரை ஏறாதே என்றால் கேட்கிறதா? அதே போல நுகர்ச்சி: வலிக்காதே என்றால் நிற்கிறதா? பாவனை: கோபமே வராதே என்றால்? கடைசியில் அறிவு: தூக்கம் வராத இரவில் "எண்ணமே ஓடாதே" என்று ஆணையிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்தில் எதுவும் என் அதிகாரத்தில் இல்லை, ஐந்தும் மாறுகின்றன. மாறுவதையும் ஆணைக்குக் கட்டுப்படாததையும் "இது என்னுடையது, இது நான்" என்று பிடித்துக்கொள்வது தகுமா என்று கேட்டு அவர் நிறுத்திவிடுகிறார்.

வேதாந்தி தள்ளுவது மிஞ்சுவதைக் கண்டெடுக்க. புத்தர் தள்ளுவது பிடியைத் தளர்த்த. மிஞ்சியதை அவர் சொல்லாமல் விட்டார் என்றால், அங்கே மிஞ்சியது ஒன்று இருக்கிறது என்று நாம் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டோம். அதுதான் இரண்டாம் பாதியில் இடறுகிறது.

ஞாபகம் பற்றிச் சொன்னது நல்ல கேள்வி. ஆனால் இந்தப் பிறவியிலேயே பாருங்கள். ஐந்து வயதில் குன்றக்குடி மலைப்படியில் விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஐந்து வயது உடம்பும் மனமும் எங்கே? ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து வந்ததால் ஞாபகம் வந்தது, மாறாத ஒன்று வந்ததால் இல்லை என்பார்கள். மணிமேகலைக்கும் அதே விடைதான். ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம்.

பத்து நாள் மௌனம் — ஜூலை 8, பகல் 11.10

எல்லாரும் புத்தகம் பேசுறீங்க, நான் அனுபவம் பேசுறேன். விபாசனா பத்து நாள் முகாமுக்குப் போனேன். முதல்ல மூச்சு, அப்புறம் உடம்பு முழுக்க உணர்ச்சியைக் கவனிக்கிறது. கடைசி நாட்கள்ல உடம்பே கரைஞ்சு போச்சு, வெறும் துடிப்பு மட்டும். எல்லாம் வந்து வந்து போகுது. ஆனா அதைப் பாக்குற ஒண்ணு மட்டும் அசையாம நின்னுச்சு. அதுதான் ஆன்மான்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. பர்மாவுல இருந்து வந்த முறையிலேயே ஆன்மா கிடைச்சா அனாத்மா எங்க நிக்கும்?

சித்தாந்த வகுப்பு — ஜூலை 8, பகல் 11.30

தம்பி சொன்னதை மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டிலேயே சூத்திரம் ஆக்கிவிட்டார். சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரம் "உளது இலது என்றலின்" என்றுதான் தொடங்குகிறது. உடம்பு ஆன்மா இல்லை, புலன் இல்லை, மனம் இல்லை, ஒன்றுமே இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிச் சொல்கிறாயே, அப்படிச் சொல்லும் அறிவு ஒன்று உண்டல்லவா, அதுவே ஆன்மா. அடுத்து "எனது உடல் என்றலின்". என் வீடு என்பது போல என் உடல் என்கிறாய், ஆகவே உடையவன் வேறு. பௌத்தருக்கு இதற்கு மேல் பதில் வேண்டுமா?

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 8, மாலை 6.00

வேண்டும். "எனது உடல்" வாதம் எனக்கு எப்போதுமே பலமாகப் பட்டதில்லை. "என் உயிர்" என்றும்தான் சொல்கிறோம், அப்போது உயிரை உடையவன் யார்? ஆனால் "உளது இலது" அப்படித் தள்ளக்கூடியது இல்லை. அதைத்தான் மௌனத் தம்பி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

புத்தருடைய சீடர்களிலேயே ஒருவர் இதே முடிவுக்கு வந்தார். அவர் பெயரே சாதி, மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். "ஒரே அறிவுதான் பிறவி பிறவியாக ஓடுகிறது. பேசுவதும் அனுபவிப்பதும் வினைப்பயனை நுகர்வதும் அதுதான்" என்றார். மற்ற பிக்குகள் சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. புத்தர் கூப்பிட்டு விசாரித்தார், கடுமையாகவே கண்டித்தார். அறிவு தனியாக நிற்பதில்லை என்பது அவர் பதில். கண்ணும் உருவமும் கூடினால் கண்ணறிவு, காதும் ஒலியும் கூடினால் காதறிவு. விறகில் எரிந்தால் விறகுத் தீ, புல்லில் எரிந்தால் புல் தீ, சாணத்தில் எரிந்தால் சாணத் தீ. எதிலும் எரியாத தீ என்று ஒன்று தனியாக உட்கார்ந்து காத்திருப்பதில்லை.

இப்போது தம்பியிடம் ஒரு கேள்வி. பார்க்கிற அந்த ஒன்று, துடிப்பே இல்லாதபோதும் நின்றதா? தூங்கும்போது நின்றதா? இல்லை, துடிப்பு இருக்கும்போது மட்டும்தான் "பார்க்கிறது" என்று தெரிந்ததா? சண்டைக்குக் கேட்கவில்லை. அடுத்த முறை உட்காரும்போது கவனித்துச் சொல்லுங்கள்.

பத்து நாள் மௌனம் — ஜூலை 8, மாலை 6.50

தூங்கும்போது எப்படிங்க கவனிக்கிறது? முகாம்லயும் தூங்கினேன், ஒண்ணும் தெரியலை. முழிச்சப்ப "நல்லாத் தூங்கினோம்"னு மட்டும் தெரிஞ்சுது.

சித்தாந்த வகுப்பு — ஜூலை 8, இரவு 7.15

அதே சூத்திரத்தில் "கண்படில் உண்டிவினை இன்மையின்" என்று தூக்கத்துக்கும் இடம் இருக்கிறது. தூங்கும்போது மூச்சு ஓடுகிறது, ஆனால் இன்பதுன்ப நுகர்வும் செயலும் இல்லை. ஆகவே மூச்சும் ஆன்மா அன்று, மூச்சு ஓடும்போதே செயலற்றுக் கிடப்பதுதான் ஆன்மா. சித்தாந்தத்து ஆன்மா எப்போதும் விளக்குப் போல் எரிகிற சாட்சி என்று யார் சொன்னது? ஆணவ மலம் மறைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. சேர்ந்ததன் வண்ணமாக மாறும். உடலோடு சேர்ந்தால் உடல் நான் என்னும், சிவத்தோடு சேர்ந்தால் சிவமாய் நிற்கும். தம்பி பார்த்த அசையாத சாட்சி வேதாந்தியின் ஆன்மா. எங்களுடையது அது இல்லை. அதே சூத்திரத்தில் "உணர்த்த உணர்தலின்" என்று வருவதைப் பார்க்கவும். அறிவித்தால்தான் அறியும், ஆகவே அது பிரமமும் அன்று.

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 8, இரவு 10.30

கோட்டையூர் அம்மாவுக்கு: மகள் பேச்சில் "இந்து மதம் ஆன்மா உண்டு என்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். நான்கு வரிச் சூத்திரத்தில் மெய்கண்டார் பௌத்தரையும் வேதாந்தியையும் சேர்த்தே மறுக்கிறார், இப்போது பார்த்தீர்களே. வேதாந்திக்கு ஆன்மா ஒன்றுதான், அதுவே பிரமம், மாறுவதே இல்லை. சித்தாந்திக்கு உயிர்கள் பல, முத்தியிலும் உயிர் உயிராகவே சிவனடியில் இருக்கும், சார்ந்ததைப் பொறுத்து மாறும். உண்மையைச் சொன்னால், சார்ந்ததன் வண்ணமாகும் இந்த உயிர், மாறாத சாட்சியை விடப் பௌத்தருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. சித்தாந்த வகுப்பு என்னை அடிக்க வருவார்.

சித்தாந்த வகுப்பு — ஜூலை 9, காலை 5.50

வருகிறேன். மாறுவது உயிரின் நிலை, உயிர் இல்லாமல் போவதில்லை. பக்கத்து வீடு என்றாலும் நடுவில் சுவர் உண்டு.

கோட்டையூர் மருமகள் — ஜூலை 9, காலை 9.20

எல்லாத்தையும் மகளுக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்ப நான் இல்லவே இல்லையாம்மா?"ன்னு ஒரு மாதிரி ஆயிட்டா. இதுக்கு என்ன சொல்றது?

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 9, காலை 9.45

உடனே சொல்லுங்கள்: புத்தர் அப்படிச் சொல்லவில்லை. வச்சகோத்தர் என்ற துறவி வந்து நேராகவே கேட்டார். ஆன்மா உண்டா? புத்தர் பேசவில்லை. அப்படியானால் ஆன்மா இல்லையா? அதற்கும் பேசவில்லை. அவர் எழுந்து போய்விட்டார். ஏன் பதில் சொல்லவில்லை என்று சீடர் ஆனந்தர் கேட்டபோது புத்தர் சொன்ன காரணம் உங்கள் மகளுக்கானது போலவே இருக்கிறது: உண்டு என்றால் நிலையான உயிர் பேசுகிறவர்கள் பக்கம் சேர்ந்துவிடும். இல்லை என்றால், செத்தால் எல்லாம் முடிந்தது என்கிறவர்கள் பக்கம் சேர்ந்துவிடும். அதோடு ஏற்கெனவே குழம்பியிருக்கும் அவர், "முன்பு எனக்கு ஆன்மா இருந்தது, இப்போது இல்லாமல் போய்விட்டதே" என்று இன்னும் குழம்புவார்.

தப்பாகப் புரிந்துகொண்டோமா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி இது. "நான் இல்லை, ஆகவே செய்வதற்குப் பொறுப்பும் இல்லை" என்று முடிவு வந்தால், அது ரைஸ்மில்காரர் முடிவு. புத்தர் அதைத் தப்பு என்றே சொல்லியிருக்கிறார். "எல்லாம் போகும், எனக்குள் ஒன்று மட்டும் போகாது" என்று ஆறுதல் வந்தால், அது நல்ல வேதாந்தமாக இருக்கலாம், பௌத்தம் இல்லை. மகள் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், பரீட்சை எழுதுவாள். இந்த ஐந்து கூறுகளுக்கும் அப்பால் மாறாத சொந்தக்காரி ஒருத்தி உள்ளே இருக்கிறாளா என்பது மட்டும்தான் கேள்வி.

புத்தர் "ஆன்மா இல்லை" என்றே சொன்னாரா, "இவை ஆன்மா அல்ல" என்று மட்டும் சொன்னாரா என்பதில் அறிஞர்கள் இன்றைக்கும் பிரிந்துதான் நிற்கிறார்கள். விசுத்திமக்கம் முதல் கட்சி. எனக்குச் சில நாள் அது சரியாகப் படும், சில நாள் இது.

புதுவயல் ரைஸ்மில் — ஜூலை 9, காலை 10.00

என் பேரைத் தத்துவமாவே ஆக்கிட்டாங்க. ஆச்சி, பாப்பாவை இட்லி சாப்பிடச் சொல்லுங்க, இருக்கோமான்னு தெரிஞ்சுரும்.

கண்டனூர் ஆச்சி — ஜூலை 9, மாலை 4.30

நான் படிச்சவ இல்லை, பேரன் டைப் பண்ணித் தர்றான். எங்க வீட்டுல வருஷா வருஷம் படைப்பு உண்டு. முன்னோருக்குப் புடவை, வேட்டி வச்சு, பலகாரம் படைச்சு கும்பிடுவோம். ஆன்மா இல்லைன்னா அதை யார் வாங்கிக்கிறது? எங்க அப்பச்சிக்கு அது போய்ச் சேருதா இல்லையா? அதைச் சொல்லுங்க, மத்தது எனக்கு வேண்டாம்.

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 9, இரவு 8.00

ஆச்சி, இதே கேள்வியை ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் புத்தரிடம் கேட்டிருக்கிறார். "நாங்கள் சிராத்தம் செய்கிறோம், இறந்த சொந்தக்காரர்களுக்கு அது போய்ச் சேருமா?" என்று. செய்யாதீர்கள் என்று புத்தர் சொல்லவில்லை. சேருகிற இடமும் உண்டு, சேராத இடமும் உண்டு என்றார். இறந்தவர் தேவராகப் பிறந்திருந்தால் அங்கே அவருக்கு அந்த உலகத்துச் சாப்பாடு உண்டு, நீங்கள் படைத்தது சேராது. மனிதராகப் பிறந்திருந்தாலும், மிருகமாக இருந்தாலும், நரகத்தில் இருந்தாலும் சேராது. பிரேத உலகத்தில் பிறந்திருந்தால் மட்டும் சேரும்.

பிராமணர் விடவில்லை. நான் நினைத்த சொந்தக்காரர் அங்கே இல்லாவிட்டால்? அங்கே வந்து சேர்ந்திருக்கும் வேறு சொந்தக்காரர்கள் உண்பார்கள் என்றார் புத்தர். அப்படி யாருமே இல்லாவிட்டால்? இவ்வளவு நீண்ட பிறவித் தொடரில் அந்த இடம் உங்கள் சொந்தம் ஒருவர்கூட இல்லாமல் காலியாக இருக்க முடியாது, கொடுத்தவருக்கும் பலன் வீணாகாது என்றார்.

ஆகவே அவர் கணக்குப்படி உங்கள் படைப்பு வீணில்லை. ஆனால் "எங்க அப்பச்சி" அப்பச்சியாகவே, அதே முகத்தோடும் அதே பசியோடும் எங்கோ உட்கார்ந்து காத்திருக்கிறார் என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரிடமிருந்து தொடர்ந்து வந்த ஒருவர் எங்கோ இருக்கலாம், இப்போது அவருக்கு வேறு அப்பச்சி இருக்கலாம்.

சித்தாந்த வகுப்பு — ஜூலை 9, இரவு 8.25

ஆச்சிக்கு எங்கள் பதில் சுருக்கம். உயிர் அழியாது. அப்பச்சி உயிர் எந்த உடம்பில் இருந்தாலும், நீங்கள் படைத்ததன் பயனை அந்த உயிருக்கு ஏற்ற வடிவில் சேர்க்கிறவன் சிவன். முகவரி அவனுக்குத் தெரியும்.

கண்டனூர் ஆச்சி — ஜூலை 9, இரவு 8.50

ரெண்டு பேரும் படைக்க வேண்டாம்னு சொல்லலை. அது போதும். ஆனா கணக்கரே, அப்பச்சிக்கு வேற அப்பச்சி இருக்காருன்னு சொன்னது மட்டும் எனக்குப் பிடிக்கலை.

சித்தாந்த வகுப்பு — ஜூலை 9, இரவு 9.05

அதற்காகத்தான் சாக்கிய நாயனார் வெளியே வந்தார், ஆச்சி.

பள்ளத்தூர் கணக்கர் — ஜூலை 9, இரவு 9.30

வந்தவர் அந்த உடையைக் கழற்றவில்லையே, அது ஏன்? எந்தக் கோலத்தில் இருந்தாலும் சிவனை மறவாமல் இருந்தால் போதும் என்று நினைத்ததாகச் சேக்கிழார் காரணம் சொல்கிறார். எனக்கு அது முழுசாகப் போதவில்லை. நாளை பெரிய புராணத்தை எடுத்து வைத்து அந்தப் பாட்டுகளை வரிசையாகப் பார்ப்போம், உரை இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள்.